மெய்மை அட்டவணை போடாமல் இரு சூத்திரங்கள் சமானம் என்று நிறுவுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டவணை போட்டாலே விடை வந்துவிடுகிறதே, விதிகளை வைத்து எதற்கு மெனக்கெடணும்?

இரண்டு எழுத்து, மூன்று எழுத்து என்றால் அட்டவணையே வேகமானது, அதில் தவறு எதுவும் இல்லை. p, q, r என்று மூன்று இருந்தால் 8 வரிசை. ஐந்து எழுத்தானால் 32. பத்து எழுத்தானால் 1024 வரிசை, அதைக் கையால் யாரும் போடப்போவதில்லை.

ஆனால் வரிசைகளின் எண்ணிக்கையை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அட்டவணை, ஏற்கெனவே கையில் இருக்கும் இரண்டு சூத்திரங்களை ஒப்பிட்டுச் சரியா தவறா என்று மட்டும் சொல்லும். "இந்த நீளமான சூத்திரத்தை எப்படிச் சுருக்குவது?" என்று கேட்டால் அதனிடம் நேரடியான பதில் இல்லை. விதிகளோ ஒவ்வொரு அடியிலும் புதிய வடிவத்தைக் கையில் கொடுக்கும். கிளாட் ஷானன் 1937-இல் எழுதிய முதுநிலை ஆய்வேட்டில் ரிலே மின்சுற்றுகளை இப்படித்தான் சூத்திரங்களாக எழுதி, விதிகளால் சுருக்கிக் காட்டினார். சூத்திரம் சிறிதானால் அதே வேலையைச் செய்யும் சுற்றுக்குக் குறைவான தொடுமுனைகள் போதும்.

≡ என்பதும் ↔ என்பதும் ஒன்றுதானே?

இல்லை, இதைக் குழப்பிக்கொண்டால் பின்னால் எல்லாமே குழம்பும். ↔ என்பது சூத்திரத்தின் உள்ளே இருக்கும் ஒரு குறி. p ↔ q என்பது ஒரு கூற்று. p-க்கும் q-க்கும் என்ன மதிப்பு கொடுக்கிறோமோ அதைப் பொறுத்து அது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும். ≡ என்பது சூத்திரத்தின் பகுதியே அல்ல. இரண்டு சூத்திரங்களை வெளியே நின்று பார்த்து, "எந்த மதிப்புகளைக் கொடுத்தாலும் இவை இரண்டும் ஒரே விடை தரும்" என்று நாம் சொல்வது அது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. A ↔ B எல்லா மதிப்புகளுக்கும் மெய்யாக, அதாவது மெய்மமாக, இருந்தால் அப்போதுதான் A ≡ B. அதனால் நிறுவலில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ≡ போடுங்கள். அங்கே → போட்டாலும் = போட்டாலும் நீங்கள் சொல்ல வந்தது வேறாகிவிடும்.

சூத்திரத்தின் நடுவில் இருக்கும் ஒரு துண்டுக்கு மட்டும் விதியைப் போடலாமா?

தாராளமாகப் போடலாம். இந்த முறையின் உயிரே அதுதான். ஒரு துண்டை அதற்குச் சமானமான இன்னொன்றால் மாற்றினால் முழுச் சூத்திரத்தின் மதிப்பு மாறாது, ஏனென்றால் எந்த மதிப்புகளைக் கொடுத்தாலும் அந்த இடத்தில் அதே விடைதான் வந்து நிற்கும்.

விதிகளில் வரும் p, q என்ற எழுத்துகள் வெறும் இடம்பிடிப்பவை என்பதையும் நினைவில் வையுங்கள். p ∨ ¬p ≡ T என்றால் (q ∧ r) ∨ ¬(q ∧ r) ≡ T என்பதும் அதே விதிதான். ஒரு பெரிய அடைப்பை ஒரே எழுத்தாகப் பார்க்கப் பழகினால் பாதி நிறுவல்கள் தாமாகவே திறந்துகொள்ளும்.

ஓர் எல்லை மட்டும் உண்டு. இந்தச் சுதந்திரம் சமானத்துக்கு மட்டுமே. p ∧ q மெய்யானால் p மெய் என்பது உண்மை, ஆனால் அது ஒருவழிப் பாதை. அதை நம்பி ¬(p ∧ q) என்பதில் உள்ளே இருப்பதை p ஆக்கி ¬p என்று எழுதினால் தவறு. p மெய், q பொய் என்று வைத்துப் பாருங்கள்: முதலாவது மெய், இரண்டாவது பொய்.

மொத்தம் எத்தனை விதியை மனப்பாடம் செய்யணும்?

பட்டியல்கள் நீளமாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும்போது கைக்கு வருபவை இவைதான். T என்பது எப்போதும் மெய், F என்பது எப்போதும் பொய்.

```
நிபந்தனை      p → q ≡ ¬p ∨ q
இரு நிபந்தனை   p ↔ q ≡ (p → q) ∧ (q → p)
டி மார்கன்     ¬(p ∧ q) ≡ ¬p ∨ ¬q
              ¬(p ∨ q) ≡ ¬p ∧ ¬q
இரட்டை மறுப்பு  ¬¬p ≡ p
பங்கீடு        p ∧ (q ∨ r) ≡ (p ∧ q) ∨ (p ∧ r)
              p ∨ (q ∧ r) ≡ (p ∨ q) ∧ (p ∨ r)
நிரப்பு        p ∨ ¬p ≡ T,   p ∧ ¬p ≡ F
சமனி          p ∧ T ≡ p,    p ∨ F ≡ p
ஆதிக்கம்       p ∨ T ≡ T,    p ∧ F ≡ F
உட்கவர்        p ∨ (p ∧ q) ≡ p,   p ∧ (p ∨ q) ≡ p
```

இவற்றோடு இடம் மாற்றும் பரிமாற்று விதி, அடைப்பை நகர்த்தும் சேர்ப்பு விதி, p ∨ p ≡ p என்னும் தன்னடுக்கு விதி. பங்கீட்டில் இரண்டாவது வரியைக் கவனியுங்கள். எண்களில் பெருக்கல்தான் கூட்டலின் மேல் பங்கிடும், கூட்டல் பெருக்கலின் மேல் பங்கிடாது. இங்கே இரண்டு திசையிலும் நடக்கும். எண்கணிதப் பழக்கத்தால் அந்த இரண்டாவது வரியைப் பலர் பயன்படுத்தவே மறந்துவிடுகிறார்கள்.

வகுப்பில் 'அப்சார்ப்ஷன்' என்று சொல்கிற உட்கவர் விதியை மற்றவற்றிலிருந்தே வருவிக்கலாம். மறந்துபோனால் இப்படி மீட்டுக்கொள்ளுங்கள்:

```
p ∨ (p ∧ q)
≡ (p ∧ T) ∨ (p ∧ q)    சமனி
≡ p ∧ (T ∨ q)          பங்கீடு (பின்னோக்கி)
≡ p ∧ T                ஆதிக்கம்
≡ p                    சமனி
```

முதல் அடியில் p என்பதை p ∧ T என்று *பெரிதாக்கி* இருக்கிறோம். சுருக்குவதற்காக முதலில் நீட்டுவது என்ற இந்த உத்தியைக் கொஞ்சம் தள்ளி ஒரு கடினமான கணக்கில் மறுபடியும் பார்ப்போம்.

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. முதல் அடி எது?

அம்புகளை ஒழியுங்கள். ↔ இருந்தால் இரண்டு →-களாக உடையுங்கள், → இருந்தால் ¬, ∨ ஆக மாற்றுங்கள். அம்புக்குப் பரிமாற்று விதியும் இல்லை, சேர்ப்பு விதியும் இல்லை. அதை வைத்துக்கொண்டு எதையும் எளிதாக நகர்த்த முடியாது. அப்புறம் ¬ குறிகளை எழுத்துகள் வரை உள்ளே தள்ளுங்கள். இது முடிந்தால் கையில் ∧, ∨, பிறகு p, ¬p போன்ற தனி உறுப்புகள் மட்டுமே மிஞ்சும். அதன்பிறகுதான் யோசிக்கவே வேண்டும்.

p → (q → r) ≡ (p ∧ q) → r என்பதை எடுத்துக்கொள்வோம்.

```
p → (q → r)
≡ ¬p ∨ (q → r)         நிபந்தனை
≡ ¬p ∨ (¬q ∨ r)        நிபந்தனை
≡ (¬p ∨ ¬q) ∨ r        சேர்ப்பு
≡ ¬(p ∧ q) ∨ r         டி மார்கன் (பின்னோக்கி)
≡ (p ∧ q) → r          நிபந்தனை (பின்னோக்கி)
```

மூன்றாவது வரி வரைக்கும் இயந்திரம் போல வந்துவிடலாம். நான்காவது வரிக்கு, போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்த்திருக்க வேண்டும்: அங்கே p ∧ q ஒரே கட்டாக இருக்கிறது, அதனால் ¬p-யையும் ¬q-வையும் ஒன்றாகக் கட்டினோம். எல்லா விதியும் இரண்டு பக்கமும் ஓடும். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகும் பயன்பாட்டைத்தான் மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

¬ ஐ உள்ளே தள்ளும்போது எப்போதும் ஏதாவது தப்பாகிவிடுகிறது. எதைக் கவனிக்கணும்?

டி மார்கன் விதியில் இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன: ஒவ்வொரு பகுதிக்கும் மறுப்பு சேர்கிறது, நடுவில் இருக்கும் குறி புரண்டுகொள்கிறது. தவறுகளில் பெரும்பாலானவை, முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான். ஒரே அடியில் ஆழம் வரை போக நினைக்காதீர்கள். வெளியே இருக்கும் ¬ ஐ ஒரு மட்டம் மட்டும் இறக்கி எழுதுங்கள், அடுத்த மட்டத்தை அடுத்த வரியில் இறக்குங்கள்.

இன்னொரு இடம் ¬(p → q). இதை ¬p → ¬q என்று எழுதுபவர்கள் உண்டு, p → ¬q என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு. அம்பை முதலில் மாற்றிவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை: ¬(¬p ∨ q) ≡ ¬¬p ∧ ¬q ≡ p ∧ ¬q. "மழை பெய்தால் ஆட்டம் ரத்து" என்று ஒருவர் சொன்னது பொய் என்று எப்போது காட்ட முடியும்? மழை பெய்தும் ஆட்டம் நடந்தால் மட்டுமே. அதுதான் p ∧ ¬q. மறுத்த பிறகு அங்கே அம்பே கிடையாது.

இந்த விதிகளுக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. விதியின் கருத்தோ அவருக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. 14-ஆம் நூற்றாண்டில் ஒக்காமின் வில்லியம் அதைச் சொற்களாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

விரித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக வருகிறது, ஆனால் ஒரு உறுப்பு மட்டும் கூடுதலாக நிற்கிறது. அதை எப்படி நீக்குவது?

இந்தத் தலைப்பிலேயே கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது இந்த இடத்தில்தான், அதனால் ஒரு கணக்கை முழுசாகச் செய்து பார்ப்போம். நிறுவ வேண்டியது:

```
(p ∨ q) ∧ (¬p ∨ r) ≡ (p ∧ r) ∨ (¬p ∧ q)
```

இடப்பக்கத்தை விரிப்போம்.

```
(p ∨ q) ∧ (¬p ∨ r)
≡ ((p ∨ q) ∧ ¬p) ∨ ((p ∨ q) ∧ r)             பங்கீடு
≡ (p ∧ ¬p) ∨ (q ∧ ¬p) ∨ (p ∧ r) ∨ (q ∧ r)    பங்கீடு, சேர்ப்பு
≡ F ∨ (q ∧ ¬p) ∨ (p ∧ r) ∨ (q ∧ r)           நிரப்பு
≡ (p ∧ r) ∨ (¬p ∧ q) ∨ (q ∧ r)               சமனி, பரிமாற்று
```

போக வேண்டிய இடத்தில் முதல் இரண்டு உறுப்புகள் மட்டுமே இருக்கின்றன. q ∧ r மிச்சம். உட்கவர் விதியால் அதை நேரடியாக விழுங்க முடியாது, ஏனென்றால் q ∧ r-க்குள் p ∧ r-உம் இல்லை, ¬p ∧ q-உம் இல்லை. இந்த இடத்தில் பலர் "எங்கோ தவறிவிட்டேன்" என்று முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தவறு எதுவும் நடக்கவில்லை.

விதிகளை ஒரு நிமிடம் விட்டுவிட்டு அர்த்தத்தைப் பாருங்கள். q-வும் r-உம் மெய் என்று வையுங்கள். p என்னவாக இருக்கும்? மெய்யாக இருந்தால் p ∧ r மெய்யாகிவிடும். பொய்யாக இருந்தால் ¬p ∧ q மெய்யாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் q ∧ r மெய்யாகும் ஒவ்வொரு நிலையும் மற்ற இரண்டில் ஒன்றால் ஏற்கெனவே மூடப்பட்டிருக்கிறது. அது தேவையில்லாத உறுப்பு.

இந்த யோசனையை விதிகளில் எப்படிச் சொல்வது? "p மெய்யோ பொய்யோ" என்று பிரித்தோம் இல்லையா, அதுதான் p ∨ ¬p. அதைச் சூத்திரத்துக்குள் கொண்டுவர வேண்டும். p ∨ ¬p என்பது T, T-யை ∧ போட்டுச் சேர்த்தால் மதிப்பு மாறாது. ஆகவே அந்த உறுப்பை மட்டும் எடுத்து:

```
q ∧ r
≡ (q ∧ r) ∧ T                        சமனி (பின்னோக்கி)
≡ (q ∧ r) ∧ (p ∨ ¬p)                 நிரப்பு (பின்னோக்கி)
≡ (p ∧ r ∧ q) ∨ (¬p ∧ q ∧ r)         பங்கீடு, பரிமாற்று
```

இப்போது முதல் பாதிக்குள் p ∧ r இருக்கிறது, இரண்டாம் பாதிக்குள் ¬p ∧ q இருக்கிறது. முழுச் சூத்திரத்தில் வைத்துச் சேர்த்துக் கட்டினால்:

```
((p ∧ r) ∨ ((p ∧ r) ∧ q)) ∨ ((¬p ∧ q) ∨ ((¬p ∧ q) ∧ r))
≡ (p ∧ r) ∨ (¬p ∧ q)                 உட்கவர், இரு முறை
```

நிறுவியாயிற்று. q ∧ r என்ற ஒரே உறுப்பை இரண்டாக உடைத்தோம், ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு உறுப்பு விழுங்கிவிட்டது.

எந்த எழுத்தைக் கொண்டுவருவது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கூடுதலாக நிற்கும் உறுப்பில் *இல்லாத* எழுத்தைத் தேடுங்கள். அந்த எழுத்து மற்ற இரண்டு உறுப்புகளில் ஒன்றில் நேராகவும் மற்றதில் மறுப்போடும் இருந்தால், அதுதான் நமக்கு வேண்டியது. இங்கே p ஓர் உறுப்பில் p ஆகவும் இன்னொன்றில் ¬p ஆகவும் இருந்தது.

இந்தச் சமானத்துக்கு ஓர் இயல்பான பொருளும் உண்டு. இடப்பக்கம் (¬p → q) ∧ (p → r) என்பதற்குச் சமானம். அதாவது "p எனில் r, இல்லையெனில் q". நிரல் எழுதுபவர்கள் தினமும் பயன்படுத்தும் if-else இதுதான். இதை நிபந்தனைகளின் சேர்க்கையாகவும் எழுதலாம், நிலைகளின் பட்டியலாகவும் எழுதலாம் என்றுதான் இப்போது நிறுவினோம்.

இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சுருக்கி நடுவில் சந்திக்க வைக்கலாமா?

வைக்கலாம். ¬(p ↔ q) ≡ p ↔ ¬q என்பதற்கு அதுவே சுலபமான வழி. இடப்பக்கம்:

```
¬((¬p ∨ q) ∧ (¬q ∨ p))
≡ ¬(¬p ∨ q) ∨ ¬(¬q ∨ p)
≡ (p ∧ ¬q) ∨ (q ∧ ¬p)
```

வலப்பக்கம் p ↔ ¬q என்பது (¬p ∨ ¬q) ∧ (q ∨ p) ஆகும். அதை விரித்தால் நான்கு உறுப்புகள். அவற்றில் ¬p ∧ p, ¬q ∧ q இரண்டும் F ஆகி உதிர, (¬p ∧ q) ∨ (¬q ∧ p) மிஞ்சும். இரண்டும் ஒன்றே. ≡ இரு திசையிலும் ஓடுவதால் இரண்டாவது சங்கிலியைத் தலைகீழாகப் படித்தால் ஒரே சங்கிலியாகிவிடும்.

செய்யக்கூடாதது வேறு. நிறுவ வேண்டிய சமானத்தை அப்படியே உண்மை என்று எழுதிக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் ஒரே காரியத்தைச் செய்து, கடைசியில் T ≡ T என்று கொண்டுவருவது. எந்த இரண்டு சூத்திரத்தை எடுத்தாலும் இருபக்கமும் "∨ T" சேர்த்தால் T ≡ T வந்துவிடும். p ≡ ¬p என்பதைக் கூட அப்படி "நிறுவ"லாம். ஒவ்வொரு பக்கத்தையும் அதனதன் சங்கிலியில் மட்டும் மாற்றுங்கள்.

எழுதி முடித்தேன், விடை பொருந்தவில்லை. எந்த அடியில் தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுத்துகளுக்கு ஏதாவது ஒரு மதிப்பைக் கொடுத்து, ஒவ்வொரு வரியின் மதிப்பையும் ஓரத்தில் குறியுங்கள். எல்லா வரியும் சமானம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு வர வேண்டும். எந்த வரியில் மதிப்பு மாறுகிறதோ, தவறு அந்த அடியில்தான் இருக்கிறது. உதாரணமாக:

```
1. ¬(p → (q ∧ r))
2. ≡ ¬(¬p ∨ (q ∧ r))
3. ≡ p ∨ ¬(q ∧ r)
4. ≡ p ∨ ¬q ∨ ¬r
```

மூன்றையும் பொய்யாக வைப்போம். முதல் வரி: பொய் → பொய் என்பது மெய், மறுத்தால் F. இரண்டாவது வரியும் F. மூன்றாவது வரி T. ஆக இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தவறு. பார்த்தால் டி மார்கன் போடும்போது ∨ புரளாமல் அப்படியே நின்றுவிட்டது. அங்கே p ∧ ¬(q ∧ r) வந்திருக்க வேண்டும்.

ஒரு மதிப்பு எல்லாத் தவறையும் காட்டாது. இதே நிறுவலில் p மெய், மற்றவை பொய் என்று வைத்திருந்தால் நான்கு வரியிலும் T வந்து, எல்லாம் சரி என்று தோன்றியிருக்கும். அதனால் மாறுபட்ட இரண்டு மூன்று மதிப்புகளைப் போட்டுப் பாருங்கள். இது தவறைப் பிடிக்கும் வலைதான், சரி என்று சான்று தராது. சான்று, ஒவ்வொரு அடியிலும் நிற்கும் விதி.

எவ்வளவு முயன்றும் வரவில்லை. ஒருவேளை இரண்டும் சமானமே இல்லையோ?

இருக்கலாம், ஆனால் "எனக்கு வரவில்லை" என்பது அதற்கு ஆதாரம் ஆகாது. சமானம் இல்லை என்று காட்ட இரண்டு பக்கமும் வேறு வேறு விடை தரும் ஒரே ஒரு மதிப்பு போதும். நல்ல செய்தி என்னவென்றால், நீங்கள் ஏற்கெனவே சுருக்கி வைத்ததே அதைக் காட்டிக்கொடுக்கும்.

(p → q) → r, p → (q → r) இரண்டையும் பாருங்கள். அடைப்பு மட்டுமே நகர்ந்திருப்பதால் சமானம் போலத் தெரிகிறது. சுருக்கினால் முதலாவது (p ∧ ¬q) ∨ r, இரண்டாவது ¬p ∨ ¬q ∨ r. இரண்டாவதை ¬p ஒன்றே மெய்யாக்கிவிடும், முதலாவதுக்கு அது உதவாது. ஆகவே p பொய், r பொய் என்று வைத்தால் முதலாவது பொய், இரண்டாவது மெய். q எதுவாக இருந்தாலும் சரி. அம்புக்குச் சேர்ப்பு விதி கிடையாது என்று மேலே சொன்னதற்கு நிரூபணமும் இதுவே.

உண்மையிலேயே சமானமாக இருந்தால், விதிகளால் நிச்சயம் நிறுவ முடியுமா?

முடியும். யோசனையே தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ∧-கட்டுகளின் ∨ ஆக விரியுங்கள். ஏதாவது கட்டில் ஓர் எழுத்து இல்லை என்றால், q ∧ r-க்குச் செய்தது போல (p ∨ ¬p) சேர்த்து உடையுங்கள். எல்லாக் கட்டிலும் எல்லா எழுத்தும் வந்த பிறகு, முரண்படும் கட்டுகளையும் திரும்ப வரும் கட்டுகளையும் நீக்கினால், சமானமான இரண்டு சூத்திரங்களும் வரிசை தவிர மற்றபடி ஒரே வடிவத்துக்கு வந்து சேரும். எப்போதும் பொய்யாகும் சூத்திரம் F-இல் வந்து முடியும்.

ஆனால் இந்த முழு விரிவில் உள்ள ஒவ்வொரு கட்டும் அட்டவணையில் மெய் வரும் ஒரு வரிசைதான். பத்து எழுத்து இருந்தால் 1024 கட்டு வரை போகலாம். கையால் செய்யும்போது அவசியமான உறுப்பை மட்டும் உடைத்து மீதியை விட்டுவிடுவதில்தான் திறமை இருக்கிறது. எல்லாச் சூத்திரங்களுக்கும் விரைவாக முடியும் ஒரு பொதுமுறையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒன்று கிடைத்தால், ஸ்டீபன் குக் 1971-இல் எழுப்பிய, கணினியியலில் இன்னும் விடை காணாத P, NP கேள்விக்கே விடை கிடைத்துவிடும்.

தேர்வில் ஒவ்வொரு அடிக்கும் விதியின் பெயரை எழுதணுமா?

எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு விதி என்பது பாதுகாப்பான பழக்கம். பரிமாற்று, சேர்ப்பு விதிகளை மட்டும் வேறொரு விதியோடு ஒரே வரியில் சேர்க்கலாம், பெயரைக் குறிப்பிட்டால் போதும். ∧-உம் ∨-உம் கலந்து வரும் இடத்தில் அடைப்பை விடவே கூடாது: p ∨ q ∧ r என்று எழுதினால், படிப்பவர் எந்தக் கட்டை நினைப்பார் என்று உங்களால் சொல்ல முடியாது.

இதே விதிகளை நிரலில் இருக்கும் நிபந்தனைகளுக்கும் அப்படியே பயன்படுத்தலாமா?

டி மார்கனை நம்பிப் பயன்படுத்தலாம். பைத்தானில் `not (a and b)` என்பதை `not a or not b` என்று மாற்றினால், a முதலில் மதிப்பிடப்படும், அது மெய்யானால் மட்டுமே b பக்கம் போகும். மாற்றுவதற்கு முன்னும் அப்படித்தான், பின்னும் அப்படித்தான்.

பரிமாற்று விதியில்தான் ஆபத்து. கூற்றுத் தர்க்கத்தில் p ∧ q-வும் q ∧ p-யும் ஒன்றே, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கூற்றுக்கும் எப்போதும் ஒரு மதிப்பு உண்டு. நிரலில் ஒரு துண்டு, மதிப்பே தராமல் பிழையோடு நின்றுவிடலாம்:

```python
x != 0 and 10 / x > 1
10 / x > 1 and x != 0
```

x பூச்சியமானால் முதல் வரி `False` தரும், இரண்டாவது `ZeroDivisionError` தரும். உட்கவர் விதியும் இப்படித்தான்: `(a and f()) or a` என்பதை `a` என்று சுருக்கினால் மெய்யா பொய்யா என்பது மாறாது, ஆனால் f() இனி அழைக்கப்படாது. அது கோப்பில் எதையாவது எழுதும் செயற்கூறாக இருந்தால் அந்த எழுதும் வேலை நின்றுபோகும். நிபந்தனையின் ஒவ்வொரு துண்டும் எந்த நிலையிலும் பிழையில்லாமல் ஒரு மதிப்பைத் தந்து, வேறு எதையும் மாற்றாமல் இருந்தால் மேலே உள்ள எல்லா விதிகளையும் தயங்காமல் போடலாம்.